லேபிள் அக்காவும் தேதிப் பத்தியும்

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒரு நொடி பிடிக்கும். லேபிள் அக்கா என்றால் உடனே திரும்புவாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அது. நோயாளியின் கையிலிருந்து ஊசியை எடுத்த அடுத்த கணமே, அவர் எதிரிலேயே, பேரையும் வயதையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்து, குழாயில் லேபிளை ஒட்டிவிடுவாள். "அப்புறம் ஒட்டிக்கலாம்" என்று யாராவது நாலு குழாயைச் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டு நடந்தால் போதும், வாசல்வரை கேட்கும் அவள் சத்தம். லேபிள் இல்லாத குழாய் யாருடையது என்று நன்றாகவே தெரிந்தாலும் குப்பையில்தான் போடுவாள். நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ரத்தம் எடுப்பாள்.

அந்த நிலையத்தை ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. பரிசோதனைக் கருவிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இனி இங்கே ரத்தம் எடுப்பது மட்டும்தான், பரிசோதனையெல்லாம் வேறு ஊரில் என்றார்கள். கவுண்டருக்கு இரண்டு பேர் போதுமாம். இருபது வருஷ அனுபவத்தோடு அவள் வீட்டுக்கு வந்தாள். கூடவே வெளியேறிய சின்னவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பஸ்ஸில் ஏறினாள். சின்னவள் என்றால், அவளுக்கு அடுத்த மேஜையில் நுண்ணோக்கி பார்த்தவள்.

"ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுங்க அண்ணி" என்றாள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார். "இந்த வயசுல உங்களுக்குன்னு யாரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க?"

"நாற்காலி வேணாம். லேப்ல நின்னுக்கிட்டேதான் வேலை" என்றாள் லேபிள் அக்கா.

மறுநாளே விண்ணப்பிக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் அனுப்பினாள். அதுதான் முதல் கோளாறு. ஒரு நாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "லேபிலிருந்து பேசறோம், நீங்க அப்ளை பண்ணியிருந்தீங்க இல்ல?" என்றது ஒரு குரல். "எந்த லேப்?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எங்கெங்கே போட்டீங்கன்னு உங்களுக்கே தெரியலையா?" என்று சிரித்தது குரல். அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தது. கூப்பிடவே இல்லை. அடுத்த வாரம் இன்னொன்று. பதில் போட்டுவிட்டதாகவே நினைத்திருந்த ஒரு மெயில், பதில் போகாமல் அப்படியே கிடந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

அன்றைக்கு அவள் யாரையும் திட்டவில்லை. கணவருடைய பழைய லேப்டாப்பைத் துடைத்துச் சமையலறை மேஜையில் வைத்தாள். எக்செல் ஷீட் ஒன்றைத் திறந்தாள். முதல் வரியில் தலைப்புகள்: எந்த இடம், என்ன வேலை, அனுப்பிய தேதி, யாரிடம் பேச வேண்டும், அவருடைய போன், மெயில், கடைசியாக என்ன நடந்தது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதியில். அவ்வளவுதான். கலர் கிடையாது, கணக்குக் கிடையாது. சட்டம் ஒன்றே ஒன்று: கடைசிப் பத்தியான தேதி காலியாக இருக்கக் கூடாது. காலியாக இருக்க வேண்டுமானால், "என்ன நடந்தது" என்பதில் "முடிந்தது" என்று எழுதியிருக்க வேண்டும்.

தினமும் காலையில் பாத்திரம் கழுவிக் கையைத் துடைத்ததும் ஷீட்டைத் திறப்பாள். தேதிப் பத்தியில் அன்றைய தேதி எங்கெங்கே இருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுவாள். இருப்பவர்களுக்குப் போன் போடுவாள், மெயில் எழுதுவாள். என்ன சொன்னார்கள் என்று அப்போதே குறித்து வைப்பாள். அடுத்த தேதியைப் போடுவாள். அதோடு அந்த விஷயத்தைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிடுவாள். "ஷீட்ல இருக்கிறதை நான் எதுக்குச் சுமக்கணும்?" என்பாள்.

'உங்களுக்கு இடமில்லை' என்று எழுதியவர்களுக்கும் பதில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் நாத்தனாருக்குச் சிரிப்பு.

"வேணாம்னு சொன்னவனுக்கு நன்றியா? நல்ல கூத்து! கதவைச் சாத்தினவன் வீட்டு வாசல்ல கோலம் போடுவீங்க போல."

"கதவைச் சாத்தும்போது ஜன்னல் வழியா ஏதாவது சொல்லுவாங்க" என்றாள் இவள்.

சொல்லவும் செய்தார்கள். ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து மறுப்பு வந்தது. வழக்கம்போல நன்றி சொல்லி, வேறு எங்காவது இடம் இருப்பது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்தாள். அங்கே ஆள் எடுக்கும் பிரிவில் இருந்த பெண் அன்று மாலையே பதில் எழுதினாள்: 'இந்த மாதிரி மறுப்புக்கு யாரும் பதில் போடுவதில்லை. குழந்தைகள் மருத்துவமனை லேபில் ஒரு இடம் காலி. விளம்பரம் வராது. இன்சார்ஜ் அம்மாவின் நம்பர் இது.'

லேபிள் அக்கா அந்த நம்பருக்குப் பேசினாள். இன்சார்ஜ் அம்மா வெட்டொன்று துண்டிரண்டு. பிஞ்சுக் குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பழக்கமா, இரவு ஷிப்ட் பார்ப்பீர்களா என்று இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு ஒரு நாளைச் சொல்லி அன்றைக்குக் கூப்பிடச் சொன்னாள். "டியூட்டி ரோஸ்டர் அன்னிக்குத்தான் முடிவாகும். அதுக்கு முன்னாடி கூப்பிடாதீங்க, கருவிங்களைச் சோதிக்க வெளி ஆளுங்க வர்றாங்க, எனக்கு மூச்சுவிட நேரமில்லை. கூப்பிடலைன்னா உங்களுக்கு விருப்பமில்லைன்னு எடுத்துக்குவேன். இன்னொருத்தங்க காத்திருக்காங்க."

பரிசோதனை மேஜைக்கே திரும்பிப் போகிற வேலை அது. மற்றதெல்லாம் ரத்தம் எடுக்கும் கவுண்டர், ரிசப்ஷன், மருந்துக் கடை. அவள் ஷீட்டில் அந்த வரியை நிரப்பினாள், தேதியைப் போட்டாள், இறக்கி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த நேரம். கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாதவர். மனைவி காலையில் விரலை வைத்துத் தேதி தேடுவதைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"இனிமே நீ தேட வேணாம். தேதியெல்லாம் வரிசையா அடுக்கி வச்சுட்டேன். நாளைக்கு உள்ளது மேல, அடுத்தது அதுக்குக் கீழ. சேவ் பண்ணி மூடியாச்சு."

"அட, நல்லதாப் போச்சு" என்றாள் அவளும். தேநீர்கூடச் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஷீட்டைத் திறந்தாள். அன்றைய தேதி மேலே பளிச்சென்று மூன்று வரிகளில் நின்றது. முதல் வரியில் இருந்த பரிசோதனை மையத்துக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வெள்ளிக்கிழமைதானே பேசினீங்க? அடுத்த மாசம்னு சொன்னேன் இல்ல? தினம் கூப்பிட்டா நாங்க வேலை பார்க்க வேணாமா?"

சுருக்கென்றது. வரியை மறுபடி பார்த்தாள். "கடைசியாக என்ன நடந்தது" என்பதில் அவளே எழுதியிருந்தாள்: 'அடுத்த மாதம் கூப்பிடச் சொன்னார்.' ஆனால் தேதி இன்றைக்கு. நாம்தான் கைதவறி அடித்துவிட்டோம் போல என்று தன்னையே நொந்துகொண்டு இரண்டாவது வரிக்குப் போனாள்.

இரண்டாவது வரியில் 'முடிந்தது' என்று இருந்தது. பக்கத்தில் இன்றைய தேதி.

முடிந்த வரிக்குத் தேதி இருக்கவே இருக்காது. அவள் போட்டதே இல்லை. சரசரவென்று கீழே இறங்கிப் பார்த்தாள். இடம் எல்லாம் இருந்த இடத்தில், ஆட்கள் இருந்த இடத்தில், குறிப்புகள் இருந்த இடத்தில். தேதிகள் மட்டும் ஒழுங்காக, அழகாக, ஏறுவரிசையில். ஒன்றுகூட அதற்குரிய ஆளோடு இல்லை. கடைசியில் உயிரோடு இருக்கும் வரிகளுக்குப் பக்கத்தில் வெறும் காலிக் கட்டங்கள்.

குழாயெல்லாம் சரி. லேபிள் மட்டும் மாற்றி ஒட்டியாயிற்று. அவள் வாழ்க்கையில் பயந்தது இந்த ஒன்றுக்குத்தான்.

"இங்க வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. அதனாலேயே மாஸ்டர் பாதி ஷேவிங்கோடு ஓடிவந்தார்.

"நேத்து என்ன பண்ணீங்க? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க."

"தேதிப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்தேன். அடுக்குற பட்டனை அமுக்கினேன். அது ஏதோ கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"பக்கத்துலயும் விவரம் இருக்கு, அதையும் சேர்த்துக்கவா, இல்ல இதை மட்டும் அடுக்கவான்னு. நமக்கு எதுக்கு வம்பு, உன்னோட மத்த விஷயத்தையெல்லாம் தொடக் கூடாதுன்னு, இதை மட்டும்னு அமுக்கினேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "அந்த ஒரு நல்ல புத்தியாலதான் எல்லாம் போச்சு. சேர்த்துக்கன்னு சொல்லியிருந்தா வரி வரியா நகர்ந்திருக்கும். மூடாம இருந்திருந்தாலாவது பின்னாடி போயிருக்கலாம். வேற பிரதியும் இல்லை."

"ரிவர்ஸ் கியரே இல்லையா?" என்றார் மாஸ்டர், நுரை வழியும் முகத்தோடு.

"இல்லை."

நாத்தனார் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, பொட்டி படுத்துடுச்சா? போனாப் போகுது, புதுசா அப்ளை பண்ணிக்குங்க."

லேபிள் அக்கா ஷீட்டை மேலிருந்து மறுபடி பார்த்தாள். யார் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்கு ஓரளவு ஞாபகம் இருந்தது. குழந்தைகள் மருத்துவமனை இன்றைக்குத்தான் என்று மனசு சொன்னது. ஆனால் மனசு சொன்னதை வைத்து அவள் என்றைக்கும் ரிசல்ட் எழுதியதில்லை. இன்று காலையில் ஒருவரிடம் முந்திக்கொண்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் இன்னும் காதில் ஒலித்தது. லேபிள் மாறினால் என்ன செய்வோம்? எல்லாவற்றையும் கொட்டு. மறுபடி எடு.

முதலில் ஷீட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தாள். பிறகு தேதிப் பத்தி முழுவதையும் தனித்தாளில் கையால் எழுதிக்கொண்டு, ஷீட்டில் அதைச் சுத்தமாக அழித்தாள். மாஸ்டர் "ஐயையோ" என்றார்.

"தப்பான தேதி இருக்கிறதைவிட தேதியே இல்லாம இருக்கிறது மேல்" என்றாள். "போனைக் குடுங்க. நான் மெயில் பார்க்கிறேன், நீங்க என் போன்ல மெசேஜையும் யார் யார்கிட்ட என்னிக்குப் பேசினேன்னும் பார்த்துச் சொல்லுங்க. யூகம் வேணாம். எழுத்துல இருந்தா மட்டும் சொல்லுங்க."

"வகுப்பு இருக்கு எனக்கு."

"மாணவன் இன்னைக்கு நடந்து போகட்டும்."

மாஸ்டர் போன் போட்டு வகுப்பை மாலைக்குத் தள்ளினார். இருவரும் உட்கார்ந்தார்கள். அனுப்பிய மெயில், வந்த மெயில், குறுஞ்செய்தி. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் கிடைக்கக் கிடைக்கத் தேதியைப் போட்டாள், தாளில் அந்தத் தேதியை அடித்தாள். ஒரு மெயிலைத் திறந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்: சான்றிதழ் நகல்களை இன்று மதியத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அடுக்கி வைத்த ஷீட்டில் அந்த வரியின் தேதி அடுத்த வாரமாக இருந்தது. உடனே நகல்களை இணைத்து அனுப்பிவிட்டு, "ஒண்ணு பிழைச்சுது" என்றாள். காலையில் எரிந்து விழுந்தவருக்கும் இரண்டு வரி எழுதினாள்: 'தேதியைத் தவறாகப் பார்த்துவிட்டேன். மன்னியுங்கள். நீங்கள் சொன்ன மாதத்தில் மட்டுமே பேசுவேன்.'

மதியம் தாளில் இரண்டு தேதிகள் மிச்சம் இருந்தன. ஷீட்டில் இரண்டு வரிகள் மிச்சம். தேதிகள்: இன்று, வியாழன். வரிகள்: குழந்தைகள் மருத்துவமனை, டயாலிசிஸ் மையம். இரண்டும் வாயால் பேசியது. எழுத்தில் ஒன்றும் கிடையாது. மருத்துவமனையில் போனில் பேசினாள். டயாலிசிஸ் மையத்துக்கு நேரில் போனபோது ரிசப்ஷன் பெண் ஏதோ ஒரு நாளைச் சொன்னாள்.

"ரெண்டுக்கும் இப்பவே போன் போட்டுடு. தீர்ந்துச்சு" என்றார் மாஸ்டர்.

"மருத்துவமனைக்கு வியாழன்னா? அந்த அம்மா சோதனை ஆளுங்களோட நிப்பாங்க. சொன்ன நாளுக்கு முன்னாடி கூப்பிடாதேன்னாங்க. சொன்னது காதுல ஏறாத ஆள்னு ஒதுக்கி வைப்பாங்க என்னை."

"சரி, வியாழன்வரை பொறு."

"இன்னைக்குன்னா? கூப்பிடலைன்னா விருப்பமில்லைன்னு எடுத்துக்குவேன்னாங்க."

மாஸ்டர் மோவாயைத் தடவினார். ஒரு பக்கம் மழித்து, ஒரு பக்கம் முள்ளாக இருந்தது.

"முந்திப் போனாலும் குத்தமில்லாத இடம் ஒண்ணு இருக்கே" என்றாள் அவள். "டயாலிசிஸ் மையம். ரிசப்ஷன்ல கேட்டா யாரும் கடிச்சுக் குதற மாட்டாங்க. அங்க என்ன நாள்னு தெரிஞ்சா மிச்சம் இருக்கிற நாள் மருத்துவமனையோடது."

"போன் போடேன்."

"அங்க போன் அடிச்சுக்கிட்டே இருக்கும், எடுக்க ஆள் கிடையாது. வண்டியை எடுங்க."

டிரைவிங் ஸ்கூல் கார். தலையில் பயிற்சி வண்டி என்ற பலகை, பக்கத்து சீட்டிலும் ஒரு பிரேக். அவள் உட்கார்ந்ததும் வழக்கம்போலக் கால் அதன்மேல் போனது.

"காலை எடு. நீ அமுக்கினா வண்டி நிக்கும்."

"நீங்க அமுக்கினா என் வாழ்க்கையே நிக்குது. நான் சொன்னேனா?"

மாஸ்டர் நிதானமாக ஓட்டினார். பின்னால் வந்தவர்கள், யாரோ கற்றுக்கொள்கிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

டயாலிசிஸ் மையத்தின் ரிசப்ஷனில் அதே பெண். காதில் ஒரு போன், கையில் ஒரு போன். லேபிள் அக்காவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

"என்னக்கா, இன்னைக்கு வந்து நிக்கறீங்க? மேனேஜர் வியாழக்கிழமைதான் வருவாரு, அன்னைக்கு வாங்கன்னு உங்ககிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"சொன்னீங்க தங்கம். ஒருதடவை சரிபார்த்துக்க வந்தேன்."

"இதுக்குன்னு இவ்வளவு தூரமா?"

"இதுக்குன்னுதான்" என்றபடியே அவள் வாசலுக்குப் போய்விட்டாள்.

காருக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். தாளில் வியாழனை அடித்தாள். இன்றைய தேதி மட்டும் நின்றது. நம்பரைப் போட்டாள். மணி நீளமாக அடித்தது. மாஸ்டர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வண்டி நின்றுகொண்டிருந்தபோதும்.

"சொல்லுங்க." இன்சார்ஜ் அம்மாதான். பின்னால் ஏதோ கருவி சுழலும் சத்தம்.

அவள் தன் பேரைச் சொன்னாள்.

"காலையிலயே கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன். ரோஸ்டரை மேல அனுப்ப எடுத்துட்டேன் கையில. ஏன் இவ்வளவு நேரம்?"

டிராபிக், சார்ஜ் இல்லை, உடம்புக்கு முடியவில்லை. எல்லாச் சாக்கும் வரிசையில் வந்து நின்றன. அவள் ஒன்றையும் தொடவில்லை.

"மேடம், யார்கிட்ட என்னைக்குப் பேசணும்னு ஒரு ஷீட் வச்சிருக்கேன். நேத்து அதுல தேதியெல்லாம் இடம் மாறிப் போச்சு. நீங்க இன்னைக்குன்னு சொன்னதா ஞாபகம். ஆனா ஞாபகத்தை மட்டும் நம்பி, தப்பான நாள்ல உங்களைத் தொந்தரவு பண்ண மனசில்லை. ஒவ்வொண்ணா ஆதாரம் பார்த்து, மிச்சம் இருந்ததை நேர்ல போய் விசாரிச்சு, இப்பத்தான் உறுதியாச்சு. உறுதியானதும் கூப்பிட்டுட்டேன்."

கருவி சுழன்று நின்றது.

"தேதியை என்ன பண்ணீங்க? அப்படியே நகர்த்திச் சரி பண்ணீங்களா?"

"இல்லை மேடம். எல்லாத்தையும் அழிச்சிட்டு, திரும்ப எடுத்தேன்."

"ம்." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "இரவு ஷிப்ட் சம்மதம்தானே?"

"சம்மதம்."

"நாளைக்குச் சான்றிதழோட வாங்க. ஒரு வாரம் பார்ப்பேன். பிஞ்சுக் குழந்தைக்கு ரெண்டாவது தடவை குத்த விட மாட்டேன், ஞாபகம் வச்சுக்குங்க."

"சரி மேடம்."

போன் வைக்கப்பட்டது. மாஸ்டர் தலையை ஸ்டீயரிங்கில் சாய்த்தார். ஹாரன் அடித்துக்கொண்டது. தெருவில் போனவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"அழாதீங்க. வேலை இன்னும் கிடைக்கலை. ஒரு வாரம்தான் கிடைச்சிருக்கு" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியில் 'ஒரு வாரச் சோதனை, நாளை முதல்' என்று எழுதினாள். அடுத்த தேதி போட்டாள். மற்ற வரிகளில் ஒன்றைக்கூட மூடவில்லை. வியாழக்கிழமை, இரவு ஷிப்ட் முடித்த கண்ணோடு, டயாலிசிஸ் மையத்துக்குப் போய் மேனேஜரைப் பார்த்தாள். நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை.

"அதான் ஒண்ணு கிடைச்சிடுச்சே? இன்னும் எதுக்கு வீடு வீடா ஏறி இறங்குறீங்க?"

"கடிதம் கைக்கு வர்றவரைக்கும் அது கிடைச்சதில்லை. வர்றேன்னு சொன்ன இடத்துக்குப் போகலைன்னா நான் மனுஷியே இல்லை."

கடிதம் வந்தது. இன்சார்ஜ் அம்மா அதை மேஜையில் வைத்துவிட்டு, பாராட்டாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "குழாய் ரேக்கை அந்தப் பக்கம் வைங்க, இடிக்குது" என்றாள். லேபிள் அக்காவுக்கு அதுவே போதும்.

அன்று மாலை ஷீட்டில் உயிரோடிருந்த ஒவ்வொரு வரிக்கும் எழுதினாள்: வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், உங்கள் நேரத்துக்கு நன்றி. நம்பர் கொடுத்து உதவிய ஆள் எடுக்கும் பிரிவுப் பெண்ணுக்கு மட்டும் போன் போட்டே சொன்னாள். டயாலிசிஸ் மேனேஜருக்கு ஒரு வரி கூடுதலாக: 'இந்த வேலைக்கு என்னோடு வேலை பார்த்த ஒருவர் பொருத்தமானவர். நீங்கள் சரி என்றால் பேசச் சொல்கிறேன்.' ஒவ்வொன்றும் போகப் போக, அந்தந்த வரியில் 'முடிந்தது' என்று அடித்தாள், தேதியை எடுத்தாள். அந்தத் திங்கட்கிழமை எரிந்து விழுந்தவர்கூட 'வாழ்த்துகள்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பியிருந்தார். மேனேஜர் 'பேசச் சொல்லுங்கள், வியாழன்' என்று எழுதியிருந்தார்.

"எல்லாம் முடிஞ்சுதே, அழிச்சிடலாமா?" என்று மாஸ்டர் லேப்டாப் பக்கம் கையை நீட்டினார்.

"கை!" என்றாள். கை அந்தரத்திலேயே நின்றது.

ஷீட்டுக்கு ஒரு பிரதி எடுத்தாள். அதில் தலைப்புகளை மட்டும் வைத்து, கீழே இருந்ததையெல்லாம் துடைத்தாள். முதல் வரியில் டயாலிசிஸ் மையம், ரத்தம் எடுக்கும் கவுண்டர், மேனேஜர் பேர், போன் எடுக்க ஆளில்லை நேரில் போகவும், அடுத்த தேதி வியாழன். சின்னவளுக்கு அனுப்பிவிட்டு உடனே போன் போட்டாள்.

"வந்துச்சாடி?"

"வந்துச்சு லேபிள் அக்கா. ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"மிச்சத்தை நீ நிரப்பு. கடைசிப் பத்தி காலியா இருக்கக் கூடாது. அப்புறம் ஒண்ணு: அடுக்கணும்னா முழுசாச் சேர்த்து அடுக்கு. பக்கத்துல இருக்கிறதையும் சேர்க்கவான்னு அது கேட்கும். சேர்த்துக்கோன்னு சொல்லு."

"வேணாம்னு சொன்னா என்ன ஆகும்?"

லேபிள் அக்கா மாஸ்டரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

"அதை உங்க மாமாகிட்ட கேளு" என்று போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஷிப்டுக்குக் கிளம்பினாள்.